முகம் தெரியாத இரவுப் படத்தில் வாலைப் பார்த்தல்

கேள்வி: தானியங்கிக் கேமராவில் நள்ளிரவில் பதிவான படம் இது. முகம் தெரியவில்லை, உடலில் புள்ளிகள் உள்ளன. சிறுத்தைக் குட்டியா?

புனுகுப்பூனையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் நீங்கள் ஒரே படத்தைத்தான் இணைத்திருக்கிறீர்கள். கேமரா அடுத்தடுத்து எடுத்த மற்ற படங்களும் உங்களிடம் இருக்கும் என்று எண்ணுகிறேன். அவற்றில் வால் அசையாமல் இருக்கும் படத்தைத் தேடுங்கள்.

இதே தவற்றை நானும் செய்தவன் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். எனக்குக் கிடைத்த மூன்று படங்களில் கடைசிப் படம்தான் வெளிச்சமாக இருந்தது. அதில் விலங்கு நகர்ந்ததால் வால் வெறும் சாம்பல் தீற்றலாகத் தெரிய, புள்ளிகளை மட்டும் நம்பிச் சிறுத்தைக் குட்டி என்று பதிவேட்டில் எழுதிவிட்டேன். மூத்தவர் ஒருவர் உயரம் எவ்வளவு என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. கேமராவை அசைக்காமல், விலங்கின் கால் பட்ட இடத்தைப் படத்திலிருந்த ஒரு கல்லை வைத்துக் கண்டுபிடித்து, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்ட கோலை அங்கே நிறுத்திப் படமெடுத்தேன். தோள் உயரம் 20 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டியது. கோலைக் கேமராவுக்குச் சற்று அருகில் நிறுத்திவிட்டால் விலங்கு உண்மையைவிடச் சிறியதாகக் கணக்காகும் என்பதால், அந்த அளவை நான் தோராயம் என்றே குறித்தேன்.

உயரம் மட்டும் போதாது, ஏனெனில் சிறுத்தையின் இளங்குட்டியும் அந்த அளவில் இருக்கக்கூடும். தீர்த்துவைத்தது மங்கலான முதல் படம்தான். வாலின் அடியிலிருந்து நுனி வரை கறுப்பும் வெளுப்புமாக முழு வளையங்கள் மாறி மாறி இருந்தன. விலாப் புள்ளிகளும் வரிசை வரிசையாகச் சென்றன. சிறுத்தைக் குட்டியின் வாலில் இப்படி ஒழுங்கான வளையங்கள் அடி முதல் நுனி வரை இருப்பதில்லை. வளையமே இல்லாத கருமையான வாலாக இருந்திருந்தால் மரநாயை எண்ணியிருப்பேன்.

இதற்கு மேல் அந்தப் படங்கள் எதையும் உறுதி செய்யவில்லை. அகச்சிவப்பு ஒளியில் எடுத்த படத்தில் நிறம் இருக்காது. எனவே மேனி பழுப்பா சாம்பலா என்று சொல்ல இயலாது. ஆணா பெண்ணா என்பதும் தெரியவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து அதே பாதையில் பதிவான விலங்கை இரண்டாவது புனுகுப்பூனை என்று சிலர் எண்ணிக்கையில் சேர்த்தார்கள். அதில் எனக்கு இன்றும் உடன்பாடில்லை. முதலாவதில் இடப்பக்கமும் அடுத்ததில் வலப்பக்கமும்தான் தெரிந்தன. இருபக்கப் புள்ளிகளும் ஒரே அமைப்பில் இருப்பதில்லை என்பதால் ஒன்றை மற்றொன்றுடன் ஒப்பிட வழியே இல்லை. நான் அளவுக்கு மீறித் தயங்குகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். ஆனாலும் என் பதிவேட்டில் “புனுகுப்பூனை, இரண்டு பதிவுகள், குறைந்தது ஒரு விலங்கு” என்றுதான் திருத்தினேன்.

உங்கள் படத்தின் மூலையிலுள்ள நேரத்தையும் சரிபாருங்கள். மின்கலம் மாற்றிய பின் கடிகாரத்தைத் திருத்தாமல் விட்டிருந்தால் அந்த நள்ளிரவும் உறுதியானதல்ல.