ரேஞ்சை தாண்டிட்டா பிளான் மாறியே ஆகணும்னு இல்லைங்க

கேள்வி: எக்ஸெல் சால்வர் சென்சிட்டிவிட்டி ரிப்போர்ட்ல, பிளான் மாறாம லாபம் எவ்வளவு ஏறலாம், எவ்வளவு இறங்கலாம்னு சொல்ற Allowable Increase, Allowable Decrease னு ரெண்டு நெடுவரிசை வருது. ஒரு பொருளோட லாபம் அந்த அளவை தாண்டிட்டா உடனே உற்பத்தி பிளானை மாத்திடணுமா?

இல்லைங்க. அந்த ஒரு லாபம் மட்டும் மாறி, மத்தது எல்லாம் அப்படியே இருந்தாத்தான் அந்த நம்பர் செல்லும். நீங்களும் எங்கயோ பிளானிங்ல உக்காந்துட்டு, மேல இருக்கவங்க "ரிப்போர்ட்லயே போட்டிருக்கே"ன்னு சொன்னதுக்கு பதில் தேடறீங்கன்னு நினைக்கறேன், ஏன்னா நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில பிளானிங் பாக்கறப்போ இதே பேச்சுதான் வந்துச்சு.

நம்பரை கொஞ்சம் ரவுண்ட் பண்ணி சொல்றேன். ரெண்டு ஐட்டம், ரவுண்ட் நெக் டீஷர்ட்டும் காலர் டீஷர்ட்டும். ரவுண்ட் நெக்குக்கு 10 நிமிஷம் தையல், 200 கிராம் துணி, பீஸுக்கு 12 ரூபா நிக்கும். காலருக்கு 20 நிமிஷம், 250 கிராம், 20 ரூபா. ஒரு நாளைக்கு 50 மெஷின், 8 மணி நேரம், ஆக 24,000 நிமிஷம் தையல். துணி 420 கிலோ. ரவுண்ட் நெக் x, காலர் y.

```
Max 12x + 20y
10x + 20y <= 24000
0.2x + 0.25y <= 420
```

விடை x = 1600, y = 400, லாபம் 27,200. தையலும் தீந்துடும், துணியும் தீந்துடும். "அடிப்படை"ன்னு புக்ல சொல்றது இதைத்தான், எந்தெந்த ஐட்டம் ஓடுது, எந்தெந்த வசதி முழுசா தீருதுங்கற கூட்டணி. ரவுண்ட் நெக் லாபம் 12ல இருந்து 15 ஆனாலும் இதே 1600, 400 தான், ஆனா மொத்த லாபம் 32,000 ஆயிடும். ரேஞ்சுக்குள்ள இருந்தா எதுவுமே மாறாதுன்னு சில பேர் சொல்றாங்க, அது தப்பு, பிளான்தான் மாறாது, காசு மாறும்.

எது வரைக்கும் மாறாதுன்னு கண்டுபிடிக்க சிம்ப்ளெக்ஸ் டேபிள் போட வேண்டியதில்ல. ரவுண்ட் நெக்குக்கு எவ்வளவு, காலருக்கு எவ்வளவுங்கற விகிதத்தை பாருங்க. தையல்ல அது 10க்கு 20, அதாவது 0.5. துணில 0.2க்கு 0.25, அதாவது 0.8. லாபத்துல 12க்கு 20, 0.6. லாப விகிதம் 0.5க்கும் 0.8க்கும் நடுவுல இருக்கற வரைக்கும் இந்த பிளான்தான் பெஸ்ட். காலர் 20லயே நின்னா ரவுண்ட் நெக் 10ல இருந்து 16 வரைக்கும் போகலாம், ரிப்போர்ட்ல Allowable Increase 4, Allowable Decrease 2 ன்னு வரும். 16ஐ தாண்டினா முழுக்க ரவுண்ட் நெக், 2100 பீஸ். 10க்கு கீழ போனா முழுக்க காலர், 1200 பீஸ்.

இப்ப நடந்த விஷயத்துக்கு வரேன். நூல் விலை ஏறி துணி கிலோவுக்கு 15 ரூபா கூடிடுச்சு, பையர் கிட்ட ரேட் ஏற்கனவே பேசி முடிச்சாச்சு, அதனால ஏறினது பூரா நம்ம லாபத்துலதான் கடிக்கும். ரவுண்ட் நெக் 12ல இருந்து 9க்கு வந்துடுச்சு. காஸ்டிங் பாக்கற அண்ணன் என் ரிப்போர்ட்டையே பிரிண்ட் எடுத்துட்டு வந்து, "ரெண்டு ரூபா வரைக்கும்தானே இறங்கலாம்னு போட்டிருக்கு, மூணு இறங்கிருச்சு, ரவுண்ட் நெக்கை நிறுத்தி எல்லா லைனும் காலர் போட்றலாங்க"ன்னு ஓனர்கிட்ட சொல்லிட்டார். ஓனரும் சரிங்கற மாதிரி தலையாட்டிட்டார்.

நான் சொன்னது இதுதான். அண்ணா, துணி ஏறினா காலரும்தானே இறங்கும், அது 250 கிராம் தின்னுது. 20ல இருந்து 16.25 ஆயிடுச்சு. இப்ப விகிதம் 9க்கு 16.25, அதாவது 0.55, இன்னும் 0.5க்கு மேலதான் இருக்கு. பழைய பிளான்லயே போனா 20,900. முழுக்க காலர் போட்டா 1200 பீஸ், 19,500. நாளைக்கு 1,400 ரூபா போயிருக்கும், அதுக்கு மேல லைன் மாத்தற தொல்லை வேற. பேப்பர்ல எழுதி காமிச்சேன், ஓனர் அவரே கால்குலேட்டர்ல தட்டி பாத்துட்டு பழைய பிளானையே ஓட்ட சொல்லிட்டார். அதுல எனக்கு இன்னைக்கும் பெருமைதாங்க.

சரி, துணி இன்னும் எவ்வளவு ஏறினா பிளான் உடையும்? கிலோவுக்கு t ரூபா ஏறுச்சுன்னா 12 - 0.2t, 20 - 0.25t. முதலாவது ரெண்டாவதுல பாதியா ஆகற இடம் t = 26.67. அதே ரிப்போர்ட்ல துணிக்கு எதிர Shadow Price பாருங்க, அங்கயும் 26.67 தான் இருக்கும். தற்செயல் இல்ல. கூட ஒரு கிலோ துணி கிடைச்சா 26.67 சம்பாதிக்கலாம்னுதான் அதுக்கு அர்த்தம், விலையே அவ்வளவு ஏறிட்டா அந்த சம்பாத்தியம் பூஜ்யம், அதுக்கு மேல ஏறினா துணி மிச்சமாகும், பிளான் மாறும். மூலப்பொருள் விலை ஏறுதுன்னா லாப ரேஞ்சை விட்டுட்டு முதல்ல இதை பாருங்க.

"100 சதவீத விதி இருக்கே"ன்னு யாராவது வருவீங்க. ஒவ்வொரு மாற்றமும் அதோட ரேஞ்சுல எத்தனை சதவீதம்னு கூட்டி 100க்குள்ள இருந்தா பிளான் மாறாது, உண்மைதான். 100ஐ தாண்டினா மாறும்னு அந்த விதி எங்கயும் சொல்லல. மேல சொன்ன கேஸ்ல ரவுண்ட் நெக் மட்டுமே 150 சதவீதம், பிளான் அசையல. "பீஸ் முழு எண்ணா இருக்கணுமே"ன்னு கேப்பீங்க, அதுவும் நியாயம்தான், முழு எண்ணுன்னு கண்டிஷன் போட்டா சால்வர் இந்த ரிப்போர்ட்டையே தராது, அப்ப லாபத்தை மாத்தி மாத்தி மறுபடி ஓட்டித்தான் பாக்கணும்.

ஒரு விஷயம் சொல்லியே ஆகணும், கேள்விக்கு சம்பந்தம் இல்லைன்னாலும். பையர்கிட்ட ரேட் பேசற மீட்டிங்ல பிளானிங் ஆளை உக்கார வைக்கறதே இல்ல. மெர்ச்சண்டைசர் போவார், காஸ்டிங் போவார், ரேட் முடிஞ்சப்புறம் சாயங்காலம் ஏழு மணிக்கு நமக்கு போன் வரும், "நாளைக்கு லைன் ரெடி பண்ணிடுங்க"ன்னு. எந்த ரேட்டுக்கு கீழ போனா எந்த லைன் ஓடக்கூடாதுன்னு தெரிஞ்சவன் அந்த ரூம்ல இல்லாம என்ன பேச்சுவார்த்தை?

கடைசியா, ரேஞ்சை தாண்டி அடிப்படை மாறினாலும் விடை மாறாம இருக்கற கேஸும் உண்டு. மேல உள்ளதுல பேக்கிங்ல நாளைக்கு 2000 பீஸ்தான் முடியும்னு மூணாவது கண்டிஷன் சேருங்க. 1600ம் 400ம் சரியா 2000, அதனால அதே விடைதான், ஆனா ரெண்டே ஐட்டத்துக்கு மூணு வசதியும் ஒரே நேரத்துல தீந்துடுது. இப்ப காலர் 20லயே நின்னா ரவுண்ட் நெக் நிஜமா 20 ரூபா வரைக்கும் போனாலும் பிளான் மாறாது, ஏன்னா பேக்கிங் 2100 பீஸுக்கு விடாது. ஆனா ரிப்போர்ட்ல Allowable Increase 4ன்னும் வரலாம், 8ன்னும் வரலாம், சால்வர் எந்த அடிப்படைல போய் நின்னுச்சோ அதை பொறுத்து. ஒரே மாடலுக்கு ரெண்டு சாஃப்ட்வேர் வேற வேற ரேஞ்ச் குடுத்தா பயப்படாதீங்க, பெரும்பாலும் இதுதான் காரணம். ஒரு கண்டிஷன் முழுசா தீந்திருக்கு, ஆனா அதோட Shadow Price 0 ன்னு இருந்தா இதை சந்தேகப்படுங்க, அந்த ரேஞ்சை நம்பாம லாபத்தை மாத்தி ரெண்டு தடவை ஓட்டி பாத்துடுங்க.