பூனை இருக்கும் வீட்டில் பறவை, மீன், முயல்: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: கூண்டைச் சுத்தம் செய்யும்போது லவ் பேர்ட் ஒன்று வெளியே பறந்துவிட்டது. பூனை பாய்ந்து கவ்வியது. உடனே விடுவித்துவிட்டோம். ரத்தம் எதுவும் வரவில்லை, இப்போது தினைகூடச் சாப்பிடுகிறது. மருத்துவரிடம் போக வேண்டுமா?

பதில்: போக வேண்டும், இன்றைக்கே. நாளைக் காலை வரைகூடத் தள்ளிப்போடாதீர்கள்.

பூனையின் பல் ஊசி மாதிரி மெல்லியது. அது குத்திய துளை உடனே மூடிக்கொள்ளும், மேலே இறகும் மறைத்துவிடும். ரத்தம் வராததை வைத்துக் காயமே இல்லை என்று சொல்ல முடியாது. பெரும்பாலான பூனைகளின் வாயில் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா இயல்பாகவே இருக்கிறது. பூனைக்கு அதனால் தொந்தரவு இல்லை. சின்னப் பறவையின் ரத்தத்தில் கலந்தால் ஒன்றிரண்டு நாளிலேயே உயிரைப் பறித்துவிடும். நகக்கீறலும் ஆபத்துதான், ஏனென்றால் பூனை நகத்தை நக்கிக்கொண்டே இருக்கும்.

சாப்பிடுகிறதே என்று நம்பாதீர்கள். பறவைகள் முடிந்தவரை நோயை மறைக்கும். இறகை உப்பிக்கொண்டு, கண் பாதி மூடி, கூண்டின் தரையில் உட்கார்ந்து, மூச்சு விடும்போதெல்லாம் வால் மேலும் கீழும் ஆடுகிறது என்றால் தொற்று ஏற்கெனவே பரவிவிட்டது என்று அர்த்தம். அதனால்தான் காயம் கண்ணில் படாவிட்டாலும், பூனை கவ்வியது என்று தெரிந்தாலே ஆன்டிபயாடிக் தொடங்கிவிடுவோம். போன் செய்யும்போது "பூனை கவ்வியது" என்பதையும், எத்தனை மணிக்கு என்பதையும் முதலிலேயே சொல்லுங்கள்.

கிளம்பும் வரை, காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டாகவும் கதகதப்பாகவும் வையுங்கள். பெட்டிக்குள் 30 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் போதும். களிம்பு தடவ வேண்டாம். எண்ணெய்ப் பசையில் இறகு ஒட்டிக்கொண்டால் உடல் சூடு நிற்காது. வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையைக் கரைத்து ஊற்றவும் கூடாது. மருத்துவர் கொடுக்கும் மருந்தை, பறவை தெளிவாக இருந்தாலும், சொன்ன நாள் வரை நிறுத்தாமல் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் பூனை கூண்டைத் தொடுவதே இல்லை. எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். அப்படியே விடலாமா?

பதில்: விட வேண்டாம். உடலைத் தாழ்த்தி, வால்நுனி மட்டும் துடிக்க, பற்கள் படபடக்கப் பார்க்கிறது என்றால் அது வேட்டைக்கான பார்வை. பறவை இறகை ஒட்டவைத்துக்கொண்டு ஒல்லியாகி அசையாமல் நின்றால், பயத்தில் உறைந்திருக்கிறது. தினமும் இது நடந்தால் தீனி குறையும், சில பறவைகள் தங்கள் இறகையே பிடுங்கத் தொடங்கும்.

கம்பியைப் பிடித்துத் தொங்கும் பறவையின் விரல் கூண்டுக்கு வெளியேதான் இருக்கும். பூனை பாதத்தை நீட்டினால் போதும். அதனால் பறவைக்குக் கதவு சாத்தக்கூடிய தனி அறை கொடுப்பதே சரி. வழியே இல்லை என்றால், கூண்டைச் சுற்றி ஒரு சாண் இடைவெளி விட்டு இரண்டாவது வலை அடித்து, கூண்டின் ஒரு பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். நீங்கள் வெளியே போகும்போது பூனையை வேறு அறையில் விட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி: பூனை மீன் தொட்டித் தண்ணீரைக் குடிக்கிறது. கெடுதலா?

பதில்: ஒன்றிரண்டு மடக்கு பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஆனால் தொட்டியில் மீனுக்கு மருந்து போட்டிருந்தால் கண்டிப்பாகக் கூடாது. நகராமல் பூட்டிக்கொள்ளும் மூடி போடுங்கள். விளக்கின் சூட்டுக்காகப் பூனை மூடி மேலேயே படுக்கும், அதன் எடையையும் அது தாங்க வேண்டும். சின்னக் கண்ணாடிக் கிண்ணம் மட்டும் வேண்டாம், பூனை ஒரு தட்டு தட்டினாலே கவிழ்ந்துவிடும்.

கேள்வி: முயலும் பூனையும் குட்டியிலிருந்தே சேர்ந்து வளர்கின்றன. இரண்டுக்கும் தெள்ளுப்பூச்சி. பூனையின் பிடரியில் விடும் சொட்டு மருந்தை முயலுக்கும் விடலாமா?

பதில்: மருத்துவரைக் கேட்காமல் விடவே கூடாது. பூனைக்கான பல சொட்டு மருந்துகளில் ஃபிப்ரோனில் இருக்கிறது. அது முயலுக்கு வலிப்பையும் மரணத்தையும் உண்டாக்கும். முயலுக்கு ஒத்துக்கொள்ளும் வேறு மருந்து இருக்கிறது; எடை பார்த்து மருத்துவர் அளவு சொல்லுவார். ஃபிப்ரோனில் மருந்தைப் பூனைக்கு மட்டும் விட்டாலும் முயலுக்கு ஆபத்து உண்டு, ஏனென்றால் சேர்ந்து வளர்ந்த முயல் பூனையை நக்கும். அதனால் குறைந்தது 24 மணி நேரமாவது பிரித்து வையுங்கள்.

ஏற்கெனவே முயலுக்கு விட்டுவிட்டீர்களா? அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் மருந்துப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். பதறிப்போய் நீங்களாகவே தண்ணீரில் அமுக்கிக் கழுவ வேண்டாம். மிரண்டுபோன முயல் பின்னங்காலால் வேகமாக உதைக்கும்போது அதன் முதுகெலும்பே முறிந்துவிடலாம். நடுக்கமோ வலிப்போ வந்தாலும், புல்லைத் தொடாமல் ஒடுங்கி உட்கார்ந்தாலும் போனுக்குக்கூடக் காத்திருக்காமல் நேரே தூக்கிக்கொண்டு வாருங்கள்.