புதன்கிழமை வரை டைம் கேட்டால் தப்பாக நினைப்பார்களா?

*கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் ஏழு வருஷமாக குவாலிட்டி இன்ஜினியராக இருக்கிறேன். ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் செலக்ட் ஆகி, நேற்று மதியம் ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் சம்மதம் சொல்ல வேண்டுமாம். ஆனால் இங்கே கோவையிலேயே இன்னொரு கம்பெனியில் கடைசி ரவுண்டு வரும் செவ்வாய்க்கிழமை இருக்கிறது. வீட்டுக்காரர் வேலை, பையன் ஸ்கூல் எல்லாம் பார்த்தால் கோவைதான் வசதி. ஆனால் ஒரகடம் வேலையும் எனக்கு நிஜமாகவே பிடித்திருக்கிறது. டைம் கேட்டால் ‘இவளுக்கு இஷ்டமில்லை’ என்று லெட்டரைத் திரும்ப வாங்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. எப்படிக் கேட்பது?*
*— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை*

அன்புள்ள சகோதரிக்கு,

வெள்ளிக்கிழமை கெடு என்பதால் உங்கள் மெயிலுக்கு அன்றே நாலு வரியில் பதில் போட்டுவிட்டேன். இதே சிக்கலில் இருக்கும் மற்றவர்களுக்காக அதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

பத்தொன்பது வருஷம் ஆள் எடுக்கும் பக்கம் இருந்தவள் நான். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எது வலிக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு முறை ஒரு சீனியர் இன்ஜினியருக்காக எழுபத்தைந்து நாள் காத்திருந்தோம். அவர் நோட்டீஸ் பீரியட் அவ்வளவு. வாரம் ஒரு முறை போன் செய்வேன், ‘கண்டிப்பா வந்துடறேன் மேடம்’ என்பார். சேர வேண்டிய திங்கட்கிழமை காலை லேப்டாப் மேஜை மேல் இருந்தது, அவர் போட்டோ போட்ட அடையாள அட்டை என் டிராயரில் இருந்தது. ஒன்பதரை மணிக்கு போன் ஸ்விட்ச் ஆஃப். அந்த அட்டையை ரொம்ப நாள் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன், ஏன் என்று தெரியவில்லை.

எச்.ஆரில் இருக்கும் எவரிடம் கேட்டாலும் இப்படி ஒரு கதை இருக்கும். நம் ஊரில் நோட்டீஸ் பீரியட் அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று நீள்வதால், கையில் ஒரு ஆஃபரை வைத்துக்கொண்டு அதைக் காட்டி இன்னொன்று தேடுவது சுலபம். அதனால் ‘கொஞ்சம் டைம் வேணும்’ என்று மொட்டையாக ஒருவர் சொன்னால், இவரும் அந்த வகையோ என்ற சந்தேகம் உடனே வரும். உங்கள் பயம் வீண் பயம் அல்ல. ஆனால் சந்தேகத்தைக் கிளப்புவது டைம் கேட்பது அல்ல, எதுவரை என்று சொல்லாமல் கேட்பதுதான்.

இன்னொரு விஷயம் வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. உங்களுக்கு அடுத்த இடத்தில் வந்தவர் ஒருவர் இருப்பார். அவருக்கு ‘வேண்டாம்’ என்று இன்னும் சொல்லியிருக்க மாட்டார்கள்; ‘ப்ராசஸ் போயிட்டிருக்கு’ என்று இழுத்துக்கொண்டிருப்பார்கள். என் அனுபவத்தில் ஒரு வாரம் வரை அப்படி இழுக்கலாம். அதற்கு மேல் போனால் அவர் வேறு இடம் பார்த்துவிடுவார். ஆகவே லெட்டர் வந்த நாளில் இருந்து மொத்தம் ஒரு வாரம் என்பது எச்.ஆர் பெரிதாக யாரையும் கேட்காமல் கொடுக்கக்கூடிய அளவு. உங்களுக்கு லெட்டர் வந்தது புதன்கிழமை, நீங்கள் கேட்க வேண்டியது அடுத்த புதன்கிழமை மாலை ஐந்து மணி. அந்த ஒரு முறைதான். புதன்கிழமை வந்த பிறகு ‘இன்னும் ரெண்டு நாள்’ என்று நீங்கள் கேட்டால் நானே கொடுத்திருக்க மாட்டேன்.

கேட்பதை வெள்ளிக்கிழமை மாலைக்குத் தள்ளாதீர்கள். கெடு முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது வரும் கோரிக்கைக்கும், லெட்டர் வந்த மறுநாள் காலை வரும் கோரிக்கைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. முதலில் போன், பிறகு மெயில். மெயில் மட்டும் போட்டால் அதில் உங்கள் குரல் இருக்காது; வறட்டு ஆங்கிலத்தில் யார் எழுதினாலும் தயங்குகிற மாதிரிதான் தெரியும். போனில் கிட்டத்தட்ட இப்படிப் பேசலாம்:

‘சார், லெட்டர் நேத்தே வந்துடுச்சு, முழுசாப் படிச்சேன். அந்த சப்ளையர் குவாலிட்டி பொறுப்பு நான் எதிர்பார்த்துட்டு இருந்த வேலை. குடும்பத்தோட ஊர் மாறணும், பையன் ஸ்கூல் பத்தி வீட்ல முடிவு பண்ணணும். அடுத்த புதன்கிழமை அஞ்சு மணிக்குள்ள கண்டிப்பா ஆமா இல்லைன்னு சொல்லிடறேன். அதனால ஜாயினிங் தேதி தள்ளாம பார்த்துக்கறேன்.’

அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். எச்.ஆருக்கு மேலே இருக்கும் மேனேஜர் கேட்கப்போவது ‘ஆள் எப்ப வருவாங்க?’ என்ற ஒரே கேள்விதான். உங்கள் நோட்டீஸ் அறுபது நாள் என்று வைத்துக்கொள்வோம். இந்த வெள்ளிக்குப் பதில் புதன்கிழமை ராஜினாமா கொடுத்தால் ஐந்து நாள் தள்ளும். மிச்சம் இருக்கும் விடுப்பை நோட்டீஸில் கழித்துக்கொள்ள இப்போதைய கம்பெனி விடுமா, அல்லது அந்த நாட்களுக்குப் பணம் கட்டிவிட்டு முன்னாடியே கிளம்பலாமா என்று உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் பாருங்கள். வழி இருந்தால் மட்டும் அந்த வாக்கியத்தைச் சொல்லுங்கள். இல்லையென்றால், ‘அஞ்சு நாள் தள்ளும், அது பரவாயில்லையா சார்?’ என்று நேராகவே கேட்டுவிடுங்கள். தேதியைப் பற்றித் தானே பேச்செடுப்பவரை ‘இஷ்டமில்லாதவர்’ என்று யாரும் நினைப்பதில்லை.

‘வேற ஆஃபர் ஏதாவது இருக்கா?’ என்று அவர் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். மாமியாருக்கு உடம்பு சரியில்லை, தாத்தா தவறிவிட்டார் என்பதெல்லாம் நாங்கள் தினமும் கேட்கிற பாட்டு. ‘ஆஃபர் இல்ல சார். முன்னாடியே ஆரம்பிச்ச ஒரு இன்டர்வியூ செவ்வாய்க்கிழமை முடியுது. அதையும் முடிச்சுட்டு உங்களுக்கு உறுதியா சொல்லணும்னு பார்க்கறேன்’ என்றால் போதும். கம்பெனி பெயரும் சம்பளமும் சொல்லத் தேவையில்லை. அவராகக் கேட்காத வரை நீங்களாக எடுக்கவும் வேண்டாம். வீட்டுக் காரணமும் உண்மைதானே.

போனை வைத்த அரை மணி நேரத்துக்குள் மெயில் போய்விட வேண்டும்: லெட்டருக்கு நன்றி, பேசியதை நினைவுபடுத்தி ஒரு வரி, எந்தக் கிழமை எந்தத் தேதி எத்தனை மணி என்பது, அதுவரை ஆஃபர் செல்லும் என்று ஒரு வரியில் பதில் போடும்படி வேண்டுகோள். அந்தக் கடைசி வேண்டுகோளைப் பலர் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஏற்றுக்கொள்ள ஒரு கெடு குறிப்பிட்டிருந்தால் அது தாண்டியதும் ஆஃபர் தானாகவே காலாவதி. நீங்கள் ஏற்றுக்கொள்வதற்கு முன் அவர்கள் திரும்பப் பெறவும் இடமுண்டு. எழுத்தில் பதில் வாங்கினால் இரும்புக்கோட்டை கிடைத்துவிடாது. ஆனால் ‘வெள்ளிக்கிழமையே முடிஞ்சு போச்சே’ என்று வேறொருவர் சொல்வதற்கு வழி இருக்காது.

‘பார்க்கலாம், சீக்கிரம் சொல்லுங்க’ என்று அவர் போனில் சொன்னால் அது சம்மதம் இல்லை. லெட்டர் ஏதாவது போர்ட்டல் லிங்க் வழியாக வந்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும்: பல கம்பெனிகளில் அந்த லிங்க் கெடு நாள் நள்ளிரவில் தானாக மூடிக்கொள்ளும். மனிதர் சரி என்று சொன்னாலும் சிஸ்டத்துக்கு அது தெரியாது. ‘லிங்கையும் புதன்கிழமை வரை மாத்திடுங்க சார்’ என்று சேர்த்தே கேளுங்கள்.

அடுத்தது, உங்கள் கடிதத்தில் நீங்கள் யோசித்ததாகவே தெரியாத ஒரு வழி. ஒரகடத்தில் டைம் கேட்கும் அதே நாளில் கோவைக் கம்பெனிக்கும் போன் செய்யுங்கள். ‘எனக்கு ஒரு ஆஃபர் வந்திருக்கு, புதன்கிழமை பதில் சொல்லணும். உங்க கடைசி ரவுண்டை சனிக்கிழமையோ திங்கட்கிழமையோ வைக்க முடியுமா?’ முடிந்தால் செவ்வாய்க்குள் முடிவு தெரியும். முடியாவிட்டாலும், செவ்வாய் ரவுண்டு முடிந்த கையோடு வாய்மொழியாகவாவது பதில் கிடைக்குமா என்று கேட்டு வைக்கலாம். உங்களை வேண்டும் என்று நினைக்கும் கம்பெனி இதற்கு நகர்ந்து கொடுக்கும். ‘எங்க ப்ராசஸ் ரெண்டு வாரம் ஆகும்மா’ என்று பதில் வந்தால், நீங்கள் ஒரகடத்தில் கேட்கும் ஐந்து நாள் அந்தக் கோவை வேலைக்காக இல்லை என்பது அப்போதே தெரிந்துவிடும்.

கிடைத்த நாட்களில் லெட்டரின் சம்பளப் பக்கத்தை ஒரு பேப்பரில் போட்டுப் பாருங்கள். நீங்கள் தொகை எழுதவில்லை, உதாரணத்துக்கு சி.டி.சி. 9,60,000 என்று வைத்துக்கொள்கிறேன். அடிப்படைச் சம்பளம் அதில் பாதி, 4,80,000. கம்பெனி கட்டும் பி.எஃப். 12 சதவீதம், 57,600. கிராஜுவிட்டி கணக்கில் சுமார் 23,000. வேரியபிள் 96,000. இதெல்லாம் போனால் மாதம் 65,000 சொச்சம். அதில் உங்கள் பங்கு பி.எஃப். 4,800 பிடித்தால் வரிக்கு முன் கையில் சுமார் 60,500. ஒரகடம் பக்கம் வீட்டு வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் இதில் இருந்துதான். வேரியபிள் ஆண்டுக்கு ஒரு முறையா, மூன்று மாதத்துக்கு ஒரு முறையா, முதல் வருஷம் உத்தரவாதம் உண்டா என்று எச்.ஆரிடம் கேளுங்கள். இந்த மாதிரிக் கேள்விகள் கேட்பவரைப் பற்றி நான் ‘இவர் வரப்போகிறார்’ என்றுதான் குறித்துக்கொள்வேன். வராதவர்கள் கேள்வியே கேட்க மாட்டார்கள், எல்லாவற்றுக்கும் ‘ஓகே மேடம்’ என்பார்கள்.

‘முடியாதும்மா, வெள்ளிக்கிழமையேதான்’ என்று ஒரகடத்தில் மறுத்துவிட்டால்? அப்போது கோவை இன்டர்வியூ என்று ஒன்றே இல்லை என்று நினைத்துக்கொண்டு முடிவெடுங்கள். வேண்டும் என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை வரவில்லை என்று கோவைக்குச் சொல்லிவிடுங்கள். ‘இப்போதைக்கு சரி சொல்லி வைப்போம், கோவை கிடைத்தால் கழன்றுகொள்வோம்’ என்று ஒரு யோசனை உங்களுக்கு வரும். நாலு பேர் சொல்லவும் செய்வார்கள். குவாலிட்டி ஆட்கள் ஒருவரையொருவர் ஆடிட்டிலும் சப்ளையர் விசிட்டிலும் சந்தித்துக்கொண்டே இருக்கும் தொழில் உங்களுடையது. நான் அதற்குச் சம்மதிக்க மாட்டேன்.

டைம் கிடைத்துவிட்டால், இடையில் அவர்கள் போன் செய்யும்போது எடுங்கள். புதன்கிழமை ஐந்து மணி என்று சொல்லிவிட்டு நாலு ஐம்பத்தைந்துக்கு மெயில் தட்டாமல், மதியமே கூப்பிட்டுவிடுங்கள். ‘ஆமாம்’ என்றால் அன்றே கையெழுத்திட்ட லெட்டர் போகட்டும். உங்கள் ராஜினாமா அதற்குப் பிறகு. ‘இல்லை’ என்றாலும் போனில் நீங்களே சொல்லுங்கள், மெயிலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாமல். எச்.ஆருக்கு முகம் சுருங்கத்தான் செய்யும். ஆனால் அந்த இரண்டாவது ஆளுக்கு அன்று மாலையே போன் போய்விடும்.