ஆஃபர் லெட்டரில் பேசிக் எவ்வளவு என்று முதலில் பாருங்கள்

"சார், கேட்டரிங் டிப்ளமோ முடித்து மதுரையில் 2 வருடம் ஸ்டூவர்டாக இருக்கிறேன். துபாய் ஹோட்டலில் 1,800 திர்ஹாம் சம்பளம் என்று ஏஜென்ட் லெட்டர் தந்திருக்கிறார். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாமாம், 90,000 ரூபாய் கேட்கிறார். அடுத்த வாரம் இன்டர்வியூ. போகலாமா?"

தம்பி, விசிட் விசாவில் போகாதீர்கள். அந்த விசாவில் வேலை செய்வது அங்கே சட்டவிரோதம், மாட்டினால் அபராதம் கட்டி ஊர் திரும்புவது நீங்கள்தான், ஏஜென்ட் இல்லை. வேலைக்கான என்ட்ரி பெர்மிட் கையில் வந்த பிறகுதான் விமானம் ஏற வேண்டும். விசா செலவை முதலாளிதான் ஏற்க வேண்டும் என்பது அமீரகச் சட்டம். நம் நாட்டில் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும், அவ்வளவுதான். உங்கள் ஏஜென்ட்டின் லைசென்ஸ் எண்ணைக் கேட்டு emigrate.gov.in தளத்தில் தேடுங்கள். எண் தரத் தயங்கினால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

சரி, இப்போது லெட்டர். 1,800 என்பது மொத்தம். அதில் பேசிக் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள், ஏனென்றால் ஓவர்டைமும் கிராஜுவிட்டியும் பேசிக்கை வைத்துத்தான். பேசிக் 900, மீதி அலவன்ஸ் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஐந்து வருடங்களுக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 21 நாள் பேசிக் கிராஜுவிட்டி. 900-ஐ 30-ஆல் வகுத்து 21-ஆல் பெருக்கினால் 630, இரண்டு வருடம் முடித்தால் 1,260 திர்ஹாம். அதே 1,800-இல் பேசிக் 1,500 என்று இருந்தால் இது 2,100 ஆகிவிடும். ஓவர்டைம் ஒரு மணி நேரத்துக்கு முதல் கணக்கில் சுமார் 4.70 திர்ஹாம், இரண்டாவதில் 7.80. ஹோட்டல் வேலையில் சீசன் முழுக்க ஓவர்டைம் இருக்கும் என்பதால் இந்த வித்தியாசம் மாதாமாதம் கையில் தெரியும். தங்குமிடம், சாப்பாடு, டியூட்டிக்குப் போகிற வண்டி மூன்றும் ஹோட்டலே தருகிறதா, இல்லை அலவன்ஸுக்குள் அடக்கமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

இன்டர்வியூவில் மெனு ஒப்பிக்கச் சொல்வதைவிட, இந்த மாதிரிக் கேள்விகள்தான் ஆளை எடைபோடும்: "விருந்தினர் தனக்கு நிலக்கடலை அலர்ஜி என்கிறார், இந்த சாஸில் இருக்கிறதா என்று கேட்கிறார், என்ன செய்வீர்கள்?" பலர் உடனே "நோ சார்" என்று சொல்லித் தோற்கிறார்கள். "செஃபிடம் கேட்டு வந்து சொல்கிறேன்" என்று சொல்லி, உள்ளே போய்க் கேட்டு, சமையலறைக்குப் போகும் ஆர்டர் சீட்டான கேஓடியில் அலர்ஜி என்று தெளிவாக எழுதி, தட்டு வெளியே வரும்போது மறுபடி ஒருமுறை உறுதிசெய்துவிட்டுத்தான் மேசையில் வைப்பேன் என்று வரிசையாகச் சொல்லுங்கள். இதை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லி ஒரு வாரம் பழகுங்கள்.

கடைசியில் கேள்வி உண்டா என்பார்கள். பேசிக்கை அப்போது கேளுங்கள்.