வீக்கத்துக்குள் ஒளிந்திருக்கும் எடை

"ஐந்து வயது மகனுக்குச் சிறுநீரில் புரதம் போய் உடல் வீங்கும் நெஃப்ராட்டிக் நோய். பத்தே நாளில் எடை 16 கிலோவிலிருந்து 19 ஆகிவிட்டது. ஸ்டீராய்டு தொடங்கியதும் ஓயாத பசி. சோற்றைக் குறைக்கட்டுமா? கருவாடு கேட்டு அழுகிறான்." (பாம்பன்)

சகோதரி, சோற்றைக் குறைத்துவிடாதீர்கள். பத்து நாளில் ஏறிய மூன்று கிலோ பெரும்பாலும் நீர்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலால் அழுத்துங்கள். குழி நின்றால் வீக்கம் இன்னும் இருக்கிறது. தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், வெறும் வயிற்றில் எடை பார்த்து எழுதி வையுங்கள். வீக்கம் முழுதும் வடிந்தபின் நிற்பதே உண்மையான எடை. அது 15 என்று காட்டினால், வீக்கத்துக்குள் பிள்ளை மெலிந்திருக்கிறான் என்று பொருள். நான் பார்த்த பல பிள்ளைகளிடம் அப்படித்தான்.

அதுவரை பழைய 16 கிலோவை வைத்தே புரதத்தைக் கணக்கிடுங்கள். கிலோவுக்கு ஒன்றரை கிராம் என்றால் 24 கிராம்: ஒரு முட்டை, 50 கிராம் பச்சை மீன், கொஞ்சம் பருப்பு, தயிர், இவற்றோடு சோற்றில் இருப்பதும் சேர்ந்தால் போதும். சிறுநீரில் போகும் புரதத்தை அதற்குமேல் ஊட்டி ஈடுகட்ட முடியாது.

கருவாடு இப்போது வேண்டாம். ஊறவைத்துக் கழுவினாலும் உள்ளே ஏறிய உப்பு முழுதும் போகாது. நகரை மீனைப் புளி, மிளகு, சின்ன வெங்காயத்தோடு உப்பில்லாமல் வையுங்கள். பசிக்கு வெள்ளரிக்காய், சுண்டல் கொடுங்கள். வீக்கம் வடிந்தபின் உப்பை மருத்துவரைக் கேட்டுத் தளர்த்தலாம். காய்ச்சலோடு வயிறு வலித்தாலோ சிறுநீர் குறைந்தாலோ அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.