ஐம்பது வயதுக்கு மேல் தசை கரையாமல் கொழுப்பைக் குறைப்பது எப்படி?

கேள்வி: எனக்கு 56 வயது, பெண். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டுத் தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். மூன்று மாதத்தில் 6 கிலோ குறைந்துவிட்டது. ஆனால் வயிறு அப்படியேதான் இருக்கிறது. கையும் காலும் மெலிந்து, முட்டுவலியும் கூடிவிட்டது. எங்கே தவறு?

பதில்: நான் பாளையங்கோட்டையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். வ.உ.சி. மைதானத்தைக் காலையில் சுற்றி வருபவர்களில் உங்களைப் போன்றவர்கள் பலர் என்னிடம் வருகிறார்கள். உணவை மட்டும் குறைத்து எடையை இறக்கும்போது, இறங்கும் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு கொழுப்பாக இல்லாமல் தசை முதலியவையாக இருக்கக்கூடும். புரதம் குறைவாகவும் தசைக்கு வேலை இல்லாமலும் இருந்தால் அந்தப் பங்கு இன்னும் கூடும். மாதவிலக்கு நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேர்வது அதிகமாகிறது, தசையும் எளிதில் கரைகிறது. எடைக்கருவிக்கு இந்த இரண்டையும் பிரித்துக் காட்டத் தெரியாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையை முதலில் செய்துவிடுங்கள். கைப்பிடி இல்லாத, சுமார் 43 செ.மீ. உயரமுள்ள நாற்காலியைச் சுவரோடு சாய்த்துப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, ஐந்து முறை முழுவதுமாக எழுந்து உட்காருங்கள். வேறொருவர் நேரம் பார்க்கட்டும். ஆசிய நாட்டவருக்காக 2019இல் வகுத்த வரையறையின்படி, இதற்கு 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் உடல் செயல்திறன் குறைந்திருக்கிறது என்று பொருள். முட்டுவலியாலும் நேரம் கூடும் என்பதால், ஒரு நாள் அளவை வைத்து முடிவு கட்டாமல், மாதம் ஒருமுறை அதே நாற்காலியில் செய்து, அந்த நேரம் கூடுகிறதா குறைகிறதா என்று பாருங்கள். தொப்புள் மட்டத்தில் வயிற்றுச் சுற்றளவையும் சேர்த்துக் குறித்துவையுங்கள். எடை இறங்கியும் சுற்றளவு அசையாமல், நாற்காலி நேரம் கூடிக்கொண்டே போனால், தசையும் சேர்ந்து கரைகிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

என் மதினியின் நிலையும் ஏறக்குறைய உங்களுடையதுதான். வயது 57, உயரம் 155 செ.மீ., எடை 68 கிலோ, நாற்காலிச் சோதனையில் 16 விநாடி. அவர் காலையில் நான்கு இட்லியும் நீர்த்த சாம்பாரும், மதியம் நிறையச் சோறும் சாம்பாரும் பொரியலும் கொஞ்சம் மோரும், சாயங்காலம் சீனி போட்ட காபியோடு முறுக்கோ பஜ்ஜியோ சாப்பிட்டார், இரவில் ஒன்றுமில்லை. கூட்டிப் பார்த்தபோது நாள் முழுவதற்கும் புரதம் சுமார் 35 கிராம்தான் தேறியது. நம் நாட்டில் பெரியவர்களுக்கான பொதுப் பரிந்துரை கிலோவுக்கு 0.83 கிராம், வயது கூடியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் தேவை என்பதே இன்றைய வல்லுநர் கருத்து. எடையைக் குறைக்கும் காலத்தில் அதன் மேல் எல்லையைப் பிடிப்பதே நல்லது என்பது என் எண்ணம். உடல் பருத்தவர்கள் இருக்கும் எடைக்குக் கணக்குப் போடாமல் எட்ட வேண்டிய எடைக்குப் போடலாம். மதினிக்கு அது 60 கிலோ என்று கொண்டால் நாளுக்குச் சுமார் 70 கிராம் வருகிறது.

இதை ஒரே வேளையில் கொட்டிவிட்டால் போதாது. இளவயதில் கொஞ்சம் புரதத்துக்கே தசை வளர்ச்சி தூண்டப்படும்; வயதான தசைக்கு அதே தூண்டல் கிடைக்க ஒரு வேளைக்கு 25 கிராம் அளவுக்கு வேண்டியிருக்கிறது. நீங்கள் இரவு உணவை நிறுத்தியது இதனால்தான் பாதகமாகிறது: தசைக்குக் கிடைக்கக்கூடிய மூன்று வாய்ப்புகளில் ஒன்று நாள்தோறும் போய்விடுகிறது.

மதினியின் தட்டை இப்படி மாற்றினோம். காலையில் இரண்டு இட்லி, இரண்டு அவித்த முட்டை, பருப்பு கெட்டியாகப் போட்ட சாம்பார் ஒரு கிண்ணம். மதியம் சோற்றைப் பாதியாக்கி, சாளை மீன் 100 கிராம். இதிலேயே ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கிறது, தூத்துக்குடியிலிருந்து வருவதால் நம் பக்கம் விலையும் அதிகமில்லை. வெள்ளிக்கிழமை மீனுக்குப் பதிலாக சோயா உருண்டை 30 கிராமும் ஒரு கிண்ணம் தயிரும். இரவு ஏழரை மணிக்குள் ஒரு தோசை, 50 கிராம் பாசிப்பயற்றை ஊறவைத்து அவித்த சுண்டல், ஒரு தம்ளர் பால். "இவ்வளவும் தின்னால் உடம்பு வைக்காதா, தம்பி?" என்று கேட்டார். குறைத்தது எங்கே என்றால் சோறு, சீனி, சாயங்காலப் பலகாரம், வாரத்தில் இரண்டு நாள் வைக்கும் சொதி ஆகியவற்றில். அவற்றிலேயே நாளுக்கு 400 கலோரிக்கு மேல் குறைந்தது. புரதம் என்று நினைத்து நிலக்கடலையைக் கைநிறைய அள்ளுபவர்கள், அதில் புரதத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு எண்ணெய் இருப்பதைக் கவனிப்பதில்லை. நம் ஊர் உளுந்தம்பருப்புச் சோறு நல்ல உணவுதான். அரிசியைக் குறைத்து உளுந்தைக் கூட்டிப் பொங்கினால் இன்னும் நல்லது.

அடுத்தது உடற்பயிற்சி. நடப்பது இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது. தசையைக் காக்கும் அளவுக்கு அது எதிர்விசை தருவதில்லை. வலிக்கும் முட்டோடு ஒரு மணி நேரம் நடப்பதை இருபது இருபது நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் இடைவெளி விட்டு, தசைப் பயிற்சி செய்ய வேண்டும். மதினிக்கு நான் கொடுத்தவை ஐந்துதான்: நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல், மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குதல், சுவரில் கை ஊன்றித் தண்டால், ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையை மாட்டி இழுத்தல், அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துதல். ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, இரண்டு சுற்று. கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும். பேசிக்கொண்டே பன்னிரண்டையும் முடித்துவிட முடிந்தால் பாரம் போதவில்லை.

முட்டுவலிக்காரர்களுக்கு நாற்காலியின் உயரமே மருந்தளவு போன்றது. முழங்கால் ஆழமாக மடங்கும்போதுதான் முட்டுச்சில்லின் மேல் அழுத்தம் ஏறுகிறது. ஆகவே இருக்கையில் இரண்டு தலையணை போட்டு உயர்த்தித் தொடங்கி, பழகப் பழக ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம். பிறகு கையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ளலாம். செய்யும்போது பத்துக்கு மூன்று அளவு வலி வந்தால் பயப்பட வேண்டாம். மறுநாள் காலையில் வலி பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வீக்கம் வந்தாலோ, வலி மறுநாளும் கூடுதலாக இருந்தாலோ, உயரத்தை ஒரு படி ஏற்றுங்கள், பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள். சம்மணமிட்டு எழுவதையும், படி இறங்குவதைப் பயிற்சியாகச் செய்வதையும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.

வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் இறங்கினால் வேகம் அதிகம். மதினிக்கு முதல் மாதம் எடை அசையவே இல்லை, அவருக்குக் கோபமும் வந்தது. ஆனால் சுற்றளவு குறையத் தொடங்கியிருந்தது. ஆறு மாதத்தில் 68 கிலோ 63 ஆனது, வயிற்றுச் சுற்றளவு 98 செ.மீ.யிலிருந்து 90 ஆனது, நாற்காலி நேரம் 11 விநாடிக்கு இறங்கியது. உங்களைவிட அவர் குறைத்த கிலோ குறைவு, எடுத்துக்கொண்ட காலமும் இரட்டிப்பு. இருந்தும் அவருடைய கணக்கே எனக்கு உவப்பானது.

தொடங்குவதற்கு முன் ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்துவிடுங்கள். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுபட்டிருந்தால் மேலே சொன்ன புரத அளவு பொருந்தாது. பலருக்கு அதைக் குறைக்கவே சொல்வார்கள். யூரிக் அமிலம் கூடியவர்கள் சாளையைத் தவிர்த்து முட்டை, பால், தயிர் பக்கம் போகலாம். சர்க்கரைக்குக் கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டிருந்தால், சோற்றைப் பாதியாக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லி மருந்தளவைச் சரிசெய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிப் பயிற்சியின் நடுவிலேயே கைநடுக்கமும் வியர்வையும் வரக்கூடும்.