ஒரு மேசைக்கரண்டி பெட்ரோலும் ஒரு காலி பேரலும்

கேள்வி: பெட்ரோல் எரியும் என்று தெரியும். ஆனால் காலி பேரலில் வெல்டிங் வைத்தால் அது ஏன் வெடிக்கிறது? எரிவது, டிஃப்ளக்ரேஷன், டெட்டனேஷன் மூன்றும் ஒன்றுதானா, வேறு வேறா?

வடசென்னையில் ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். மூன்றும் வேதியியல் அளவில் ஒரே வினைதான்: எரிபொருள் ஆக்சிஜனுடன் சேர்ந்து கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாறி வெப்பத்தை வெளியிடுகிறது. வேறுபடுவது, அந்த வினை ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு எப்படிப் பரவுகிறது என்பதுதான்.

ஒரு தட்டில் ஒரு மேசைக்கரண்டி பெட்ரோலை ஊற்றிப் பற்றவைத்ததாக வைத்துக்கொள்வோம். எரிவது திரவமல்ல, அதன் மேற்பரப்பிலிருந்து கிளம்பும் ஆவி. அந்த ஆவி மேலே எழும்பி, பக்கங்களிலிருந்து வரும் காற்றைச் சந்திக்கும் விளிம்பில் மட்டுமே சுவாலை நிற்கிறது. எவ்வளவு வேகமாக எரியலாம் என்பதைத் தீர்மானிப்பது காற்று வந்து கலக்கும் வேகம். ஆகவே அந்தப் பெட்ரோல் சில பத்து விநாடிகள் நிதானமாக எரிந்து அணைந்துவிடும். இதுதான் சாதாரண எரிதல்.

அதே மேசைக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 15 மில்லி பெட்ரோல், 200 லிட்டர் பேரலுக்குள் முழுவதும் ஆவியாகிக் காற்றோடு கலந்துவிட்டால் கதையே வேறு. அந்த அளவு பெட்ரோல் சுமார் 3 லிட்டர் ஆவியைத் தரும். 200 லிட்டரில் அது ஒன்றரை சதவீதம். பெட்ரோல் ஆவி காற்றில் சுமார் 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை இருந்தால்தான் தீ அதனூடே பரவும். அதற்குக் கீழே எரிபொருள் போதாது, மேலே ஆக்சிஜன் போதாது. ஒன்றரை சதவீதம் இந்த எல்லைக்குள் வந்துவிடுகிறது; 2 சதவீதத்தை நெருங்கினால், உள்ளேயிருக்கும் ஆக்சிஜன் முழுவதையும் எரிபொருள் முழுவதோடும் ஏறக்குறைய சரியாகத் தீர்த்துவிடும் விகிதம் அது. இப்போது சுவாலை காற்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, கலவை முன்பே தயாராக நிற்கிறது. ஒரு பொறி விழுந்ததும், எரிந்த மெல்லிய அடுக்கின் வெப்பம் அடுத்த அடுக்கைச் சூடாக்க, அது பற்றிக்கொள்ள, அதன் வெப்பம் அதற்கடுத்ததைப் பற்றவைக்க, சுவாலை கலவைக்குள் நடந்துபோகிறது. ஒலியின் வேகத்துக்குக் குறைவான வேகத்தில், வெப்பக் கடத்தலால் இப்படிப் பரவுவதையே டிஃப்ளக்ரேஷன் என்கிறோம்.

இதில் பலரும் வியப்பது ஒன்று உண்டு. எரியாத கலவையை நோக்கி அந்தச் சுவாலை முன்னேறும் வேகம் விநாடிக்கு வெறும் 40 சென்டிமீட்டர் அளவுதான். ஒரு குழந்தை தவழும் வேகம். ஆனால் எரிந்த வாயு சுமார் 2,000 டிகிரி செல்சியஸுக்குச் சூடாகி ஏழெட்டு மடங்கு விரிவதால், அது தனக்கு முன்னால் இருப்பதைத் தள்ளிக்கொண்டே போகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சுவாலை விநாடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் வருவதாகத் தெரியும். திறந்தவெளியில் இது வெறும் "புஸ்" என்ற ஓசையோடு முடிந்துவிடும், ஏனென்றால் விரியும் வாயு விலகிப்போக இடமிருக்கிறது.

பேரலில் அந்த இடம் இல்லை. விரிய முடியாத வாயு அழுத்தமாக மாறுகிறது. மூடிய கலத்தில் சரியான விகிதக் கலவை முழுவதும் எரிந்து முடிந்தால் அழுத்தம் தொடக்கத்தைப் போல ஏறத்தாழ எட்டு மடங்காகும், அதாவது வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ. கார் டயரில் நாம் அடைக்கும் காற்று 2 கிலோ என்பதை நினைத்துப் பாருங்கள். பேரலின் மூடித் தகட்டின் விட்டம் ஏறக்குறைய 57 சென்டிமீட்டர், பரப்பு 2,500 சதுர சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம்; ஒரு கிலோ அழுத்தம் ஏறினாலே அந்தத் தகட்டின் மீது இரண்டரை டன் விசை விழுகிறது. பேரல் ஏழு கிலோவரை காத்திருப்பதில்லை. அதற்கு வெகு முன்பே மூடியும் உடலும் சேரும் மடிப்பு கிழிந்து, மூடி பறந்துவிடும். இத்தனையும் அரை விநாடிக்குள் நடந்து முடிகிறது.

நம் இருசக்கர வாகனத்தின் சிலிண்டருக்குள் ஸ்பார்க் பிளக் ஒவ்வொரு முறையும் செய்வது இதே வேலைதான். அங்கே நகர்ந்து கொடுக்க ஒரு பிஸ்டன் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் அம்பத்தூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் இப்படி ஒரு பேரல் வெடித்தபின் பார்க்கப் போயிருந்தேன். தண்ணீர்த் தொட்டியாக மாற்றுவதற்காக மேல் மூடியை கட்டிங் டார்ச்சால் அறுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். பேரலின் உடல் பானை வயிறு போல உப்பிப்போய்க் கிடந்தது. மூடி ஒரே துண்டாகக் கழன்று, ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் துளைத்துக்கொண்டு பக்கத்து மனையில் விழுந்திருந்தது. அறுத்தவர் மூடிக்கு நேர் மேலே குனியாமல் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்ததால் கையில் தீப்புண்ணோடு தப்பினார். பட்டறைக்காரர் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான்: "துளை மூடியத் திறந்துதான் வெச்சிருந்தோம் சார். மூணு நாள் வெயில்ல கிடந்துச்சு. உள்ள ஒண்ணுமே இல்ல."

அவர் பொய் சொல்லவில்லை; அவர் செய்த ஒவ்வொன்றும் நியாயமாகத் தோன்றுவதுதான். ஆனால் பெட்ரோல் நிறைந்த பேரலில், திரவத்துக்கு மேலிருக்கும் இடத்தில் ஆவி மிக அடர்த்தியாக இருக்கும். சென்னை வெயிலில் 7.6 சதவீதம் என்ற மேல் எல்லையை அது பல மடங்கு தாண்டிவிடும், ஆகவே உள்ளே தீ பரவ ஆக்சிஜன் போதாது. பேரலைக் காலி செய்து திறந்து வைக்கும்போதுதான் காற்று உள்ளே புகுந்து, அந்த அடர்த்தியை மெல்ல மெல்லக் குறைத்து, எரியக்கூடிய எல்லைக்குள் கொண்டுவந்து நிறுத்துகிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கனமானது என்பதால், மூடித் தகட்டிலுள்ள இரண்டு அங்குலத் துளை வழியாகத் தானே வெளியேறிவிடாது. அடிமடிப்பில் தேங்கிய சில மில்லி திரவம் நாள்கணக்கில் ஆவியைக் கொடுத்துக்கொண்டும் இருக்கும். "ஒண்ணுமே இல்ல" என்ற பேரலுக்குள் ஒரு மேசைக்கரண்டி இருப்பது மிக எளிது. திறந்திருந்த அந்தத் துளையும் உதவவில்லை, ஏனென்றால் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் ஆயிரம் லிட்டருக்கும் மேல் விரியத் துடிக்கும் வாயுவுக்கு இரண்டு அங்குலம் ஒரு வழியே அல்ல.

அங்கே நடந்தது டெட்டனேஷனா என்று கேட்டால், இல்லை. இதைப் பேரலின் உடலே சொல்லிவிடுகிறது. டிஃப்ளக்ரேஷனில் சுவாலையைவிட ஒலி பல மடங்கு வேகமாக ஓடுகிறது. பேரலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அழுத்தச் செய்தி ஒரு விநாடியின் ஆயிரத்தில் மூன்று பங்குக்குள் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் உள்ளே எல்லா இடத்திலும் அழுத்தம் ஒரே சீராக ஏறி, தகடு உப்பி, எது பலவீனமோ அது கிழிகிறது. பெரிய துண்டுகள், உப்பல், மடிப்புக் கிழிசல் ஆகியவை இதன் அடையாளங்கள்.

டெட்டனேஷனில் பரவும் முறையே மாறிவிடுகிறது. அங்கே அடுத்த அடுக்கைப் பற்றவைப்பது வெப்பக் கடத்தல் அல்ல. ஓர் அதிர்ச்சி அலை கலவையை நொடியில் நசுக்க, அந்த நசுக்கலின் சூட்டிலேயே கலவை பற்றிக்கொள்ள, அதன் ஆற்றல் அந்த அலையை மேலும் முன்னே தள்ளுகிறது. பெட்ரோல் போன்ற ஹைட்ரோகார்பன் ஆவியும் காற்றும் சரியாகக் கலந்திருந்தால் அந்த அலை விநாடிக்குச் சுமார் 1,800 மீட்டர் வேகத்தில், அதாவது ஒலியைப் போல ஐந்து மடங்கு வேகத்தில் ஓடும்; அலை முகப்பில் அழுத்தம் 15 முதல் 20 மடங்கு இருக்கும். ஒலியையே முந்திக்கொண்டு வருவதால் எதிரே இருக்கும் வாயுவுக்கோ சுவருக்கோ எந்த முன்னறிவிப்பும் கிடைக்காது. உலோகத்துக்கு உப்ப நேரமில்லை, சிதறுகிறது.

சாதாரணப் பொறியால் இந்த நிலை உடனே வந்துவிடாது. சுவாலை முதலில் டிஃப்ளக்ரேஷனாகக் கிளம்பி, நீண்ட குழாயில் ஓட ஓட, தான் தள்ளிய வாயு சுவரிலும் வளைவிலும் உரசிக் கொந்தளிக்க, அந்தக் கொந்தளிப்பு சுவாலையைச் சுருக்கம் சுருக்கமாக மடித்து அதன் பரப்பைப் பெருக்க, பரப்பு பெருகியதால் இன்னும் வேகமாக எரிந்து இன்னும் பலமாகத் தள்ள, இப்படியே வளர்ந்து ஒரு கட்டத்தில் டெட்டனேஷனாக மாறும். இதற்கு ஓட்டத் தூரம் வேண்டும். 85 சென்டிமீட்டர் உயரமுள்ள பேரலில் அது கிடையாது. இதனால்தான் குழாய் வெடிப்புகளில் பொறி விழுந்த இடத்தருகே சேதம் குறைவாகவும், பல மீட்டர் தள்ளி மறுமுனையில் மிக மோசமாகவும் இருப்பதுண்டு. சேதம் அதிகமுள்ள இடமே தீ தொடங்கிய இடம் என்று விசாரணையில் முடிவுகட்டிவிடக் கூடாது.

அடைபடுவது என்றால் நான்கு பக்கமும் தகடு இருக்க வேண்டும் என்றும் இல்லை. 2005 டிசம்பர் 11 அன்று இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் கிடங்கில் ஒரு தொட்டி நிரம்பி வழிந்து, பெட்ரோல் ஆவி மேகமாகத் தரையோடு பரவி வெடித்தது. திறந்தவெளியில் இத்தனை அழுத்தம் எப்படி வந்தது என்பது வல்லுநர்களையே குழப்பியது. சாலையோரம் நெருக்கமாக வளர்ந்திருந்த மரங்களும் புதர்களும் சுவாலையைக் கொந்தளிக்கச் செய்து முடுக்கிவிட்டன என்பதே விசாரணையின் முக்கியமான கண்டுபிடிப்பு. குழாய்ச் சுவர் செய்யும் வேலையை அங்கே கிளைகள் செய்துவிட்டன.

பேரலுக்கே திரும்பினால், ஒருமுறை தண்ணீர் ஊற்றி அலசிக் கொட்டுவதால் பயனில்லை. பெட்ரோல் தண்ணீரில் கரையாது, மடிப்பில் ஒட்டியிருப்பது அங்கேயே இருக்கும். நீராவி செலுத்தி நன்றாகச் சுத்தம் செய்தபின், வெட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பி, துளையைத் திறந்து வைத்து வெட்டுவதே முறை. 200 லிட்டர் கலவை இருந்த இடத்தில் சில லிட்டர் மட்டும் மிஞ்சினால் அதன் வெப்பமும் அந்த அளவுக்குச் சுருங்கிவிடும். டீசல் பேரல் என்றாலும் விதிவிலக்கு இல்லை. குளிர்ந்த டீசல் போதிய ஆவி தராது என்பது உண்மை, ஆனால் டார்ச்சின் சூடே தகட்டில் ஒட்டிய டீசலை ஆவியாக்கிவிடும்.

வாயுமானியை உள்ளே விட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பரவலாகப் புழங்கும் மானிகள், உணரியின் மீது ஆவியைச் சிறிதளவு எரித்துப் பார்த்துத்தான் அளவு சொல்கின்றன. எரிக்க ஆக்சிஜன் வேண்டும். ஆவி மிக அடர்ந்த பேரலில் முள் சட்டென்று உச்சிக்குப் போய், உடனே இறங்கிப் பூஜ்யத்தருகே நிற்கக்கூடும். அந்தப் பூஜ்யம் பேரல் சுத்தம் என்று சொல்லவில்லை, உள்ளே காற்று இல்லை என்று சொல்கிறது. ஆகவே முதலில் ஆக்சிஜனை அளந்து அது 21 சதவீதத்தை ஒட்டி இருப்பதை உறுதிசெய்த பிறகே ஆவியின் அளவைப் படிக்க வேண்டும். மேலே மட்டுமல்ல, குழாயை இறக்கி அடியிலும் படிக்க வேண்டும்.